கண்ணாடித்தாளில் வரும் மழை

சாஜிதாவுக்கு ஊர் கடையநல்லூர். வீட்டுக்காரர் நாசர் சார்ஜாவில் ஒரு குளிர்சாதனக் கடையில் வேலை பார்க்கிறார். ஒரு பெண் பிள்ளை, சஃப்ரின், ஆறாம் வகுப்பு. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, தென்காசி பஸ்ஸைப் பிடித்து வந்து, எங்கள் அவசர உதவி அறையில் உட்கார்ந்தாள் என்றால் அதற்குப் பிறகு அவளுக்கு வானம் தெரியாது. அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது. ஆனால் அது பின்பக்கத்துச் சுவரைப் பார்த்த ஜன்னல். மழை பெய்கிறதா இல்லையா என்று வெளியே போய் வந்தவன்தான் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கே பெய்யும் என்று கேட்டால் மட்டும் உள்ளே இருந்தபடியே சொல்வாள்.

நான் அந்த அறையின் ஜீப்பை ஓட்டுகிறேன். மரம் விழுந்தாலும், ஓடை பெருகினாலும், எவனாவது பாறையில் ஏறிக்கொண்டு இறங்கத் தெரியாமல் நின்றாலும் வண்டியை எடுக்க வேண்டும். எடுக்காத நேரத்தில் அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடப்பேன். அப்படிக் கிடந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஊரில் பல விதமாகப் பேசுகிறார்கள். அருவிக்கரைக் கடைக்காரர்கள் வாயில் அவளுக்கு 'மழைக்காரி' என்று பெயர். அது செல்லப் பெயர் இல்லை.

அவள் பார்க்கிற வேலை இதுதான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கடற்கரையில் ஒரு ரேடார் இருக்கிறது. அது சுற்றிச் சுற்றி வானத்தில் அலையை அனுப்புகிறது. வழியில் மழைத்துளி இருந்தால் அதில் பட்டு அலை கொஞ்சம் திரும்பி வருகிறது. திரும்பி வருவதற்கு எடுத்த நேரத்தை வைத்து எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பதை வைத்து, துளி பெரிசா, நிறைய இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதைப் படமாகப் போடுகிறார்கள். லேசான மழை நீலம், பச்சை. கனமானது மஞ்சள், சிவப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று இணையத்தில் வரும். படத்தில் தெரிவது மேகம் இல்லை, அதற்குள் இருக்கிற தண்ணீர். இதை எனக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"கறுத்துக் கெடக்கே, படத்துல ஒண்ணுமே இல்லியே" என்று ஒரு நாள் நான் கேட்டேன்.

"அது வெறும் கறுப்பு அண்ணாச்சி. உள்ளுக்குள்ள துளி சேரல. மேகம் எல்லாம் மழை ஆயிருமா? நீங்களுந்தான் தெனம் மொறச்சுக்கிட்டு இருக்கிய, யாரையாவது அடிச்சிட்டியளா?"

அப்படி ஒரு வாய்.

ஒரு படத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு திட்டு மழை இப்போது புனலூருக்கு மேல் நிற்கிறது என்று தெரியும். அது எங்கே போகும் என்று அந்தப் படத்தில் இல்லை. அடுத்த படம் வர வேண்டும். ரெண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் திட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று தெரியும். அந்த நகர்வை அப்படியே முன்னால் நீட்ட வேண்டியதுதான். இதே வேகத்தில், இதே திசையில் வந்தால் இத்தனை நிமிடத்தில் நம் மலைக்கு. பெரிய ஆபீஸ்களில் இதைக் கம்ப்யூட்டரே செய்கிறது. மாவட்டத்துக்குப் பொதுவாக, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மழை என்று எச்சரிக்கையும் அனுப்புவார்கள். ஆனால் மாவட்டம் என்றால் சிவகிரியும் அதில் சேர்த்தி, திருவேங்கடமும் சேர்த்தி. அங்கே ஒரு சொட்டு விழாது. அருவியில் நிற்கிறவனுக்கு வேண்டியது அருவிக்கு மேலே உள்ள மலைக்கு எப்போது என்கிற ஒரே சங்கதி. அதை யாராவது படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சாஜிதா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் திரைமேல் ஒரு கண்ணாடித்தாளை ஒட்டியிருப்பாள். படம் வந்ததும் கனமழைத் திட்டின் முன் ஓரத்தைத் தாளில் பேனாவால் கோடு போடுவாள். முதல் படத்துக்குச் சிவப்புப் பேனா. அடுத்ததற்கு நீலம். அதற்கடுத்தது பச்சை. நாலாவது கறுப்பு. மறுபடி சிவப்பு. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே பத்து நிமிடம். கோட்டுக்குக் கோடு இடைவெளியை அளந்தால் வேகம் வந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கோலம் போட்ட மாதிரி.

படத்தின் மூலையில் நேரம் அச்சாகியிருக்கும். ஆனால் அது உலக நேரம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் நம் கடிகாரம். அந்தக் கூட்டலுக்குச் சோம்பல் பட்டு யாரும் மூலையைப் பார்ப்பதில்லை. நிறம் இருக்கும்போது நேரம் எதற்கு?

ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் சொல்லமாட்டாள். கேட்டால் சண்டைக்கு வருவாள்.

"சாயங்காலம் பெய்யுமான்னு கேக்காதிய. வாரத வச்சு வரும்னு சொல்லுதேன். இன்னும் பொறக்காத மழைக்கு நான் எங்கன போயி கோடு போட?"

பிறக்கிறது, வளர்கிறது, கரைகிறது என்று மழைக்கும் ஆயுள் உண்டு. அவள் கணக்கு நகர்வை மட்டும் பார்க்கும். மலையில் வந்து மோதும் காற்று மேலே ஏறி அங்கேயே புது மழையைப் பிறப்பித்தால் அது கணக்கில் வராது. மேற்கே சிவப்பாக வந்த திட்டு மலையைத் தாண்டுவதற்குள் நீர்த்து ஒன்றுமில்லாமல் போவதும் உண்டு. போன மாதம் ரெண்டு தரம் அப்படி ஆகிவிட்டது. இவள் சொல்லி, யாரும் குளிக்கப் போகாதபடி கயிறு கட்டி அருவியை அடைத்தார்கள், மழை மேலேயே கரைந்துவிட்டது. போதாததற்கு, ரேடார் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். அதன் கீழ் அலையை மலை மறித்துவிடுகிறது. மேல் அலைதான் தாண்டி வருகிறது. உயரத்தில் இருக்கிற மழை தெரியும், தாழ்வாகப் பெய்கிற சாரல் தெரியாது. இந்தக் குறையையெல்லாம் வைத்துக்கொண்டுதான் அவள் பிழைப்பு.

குற்றாலம் பேரருவியில் ஞாயிற்றுக்கிழமை காவல் பொறுப்பு எஸ்.ஐ. இசக்கிராஜாவுக்கு. நல்ல மனுஷர்தான். ஆனால் ரெண்டு தரம் வெறுமனே அடைத்துக் கூட்டத்திடம் பேச்சு வாங்கியவர். மூன்றாவது தரம் வாங்க அவருக்கு மனசில்லை. "மேடம், இனி நீங்க சொல்லி மழை வரலன்னா, அடுத்த தடவ உங்க போன எடுக்கவே மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்புக்குச் சொல்லவில்லை என்பது சாஜிதாவுக்குத் தெரியும். அவள் சொல்லை அந்த ஆள் கேட்காவிட்டால், அருவிக்கடியில் நிற்கிற ஜனத்துக்கு முன்கூட்டித் தாக்கல் சொல்ல வேறு ஆள் கிடையாது. கீழே வெயில் அடிக்கும். மேலே, தேனருவிக்கும் மேலே, கொட்டும். அந்தத் தண்ணீர் இறங்கி வருவது குளிக்கிறவன் கண்ணுக்குத் தெரியும்போது அவன் காலுக்கடியில் இருக்கும்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு. நல்ல சீசன். அருவிக்கரையில் எள் போட இடமில்லை என்று வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அறையில் சாஜிதாவும், போன் எடுக்கிற ஷெர்லினும், நானும். ஷெர்லின் சின்னப் பெண், வந்து மூன்று மாதம் ஆகிறது. தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் காலையிலிருந்தே நெட் வருவதும் போவதுமாக இருந்தது. செல்போனில் பார்க்கலாம் என்றால் அதிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே ஒரு திட்டு கிளம்பியது. வடக்குத் தெற்காக நீளமாக, நடுவில் நல்ல சிவப்பு. சாஜிதா சிவப்புக் கோடு போட்டாள். அடுத்த படத்துக்கு நீலம். நடுவில் நாலு கிலோமீட்டர். "மெதுவாத்தான் வருது. இங்கன வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்" என்றாள். அப்போது நெட் போனது. கொஞ்ச நேரம் கழித்து வந்தது. வந்ததும் புதுப் படம். பச்சைப் பேனாவை எடுத்துக் கோடு போட்டாள். போட்டவள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் எட்டு கிலோமீட்டர்.

"வேகம் பிடிச்சிட்டு" என்றாள். "ரெட்டிப்பு வேகம். கடக்காத்து தள்ளுது போல. இப்படியே வந்தா நாப்பது நிமிசத்துல மலையில இருக்கும்."

ஷெர்லின் சொன்னாள்: "அடுத்த படம் வரட்டும்க்கா. பாத்துட்டுச் சொல்லலாம்லா."

"படம் வரதுக்குள்ள நெட்டு போயிரும். ஞாயித்துக்கெழமக் கூட்டத்த வெளியேத்தவே அவுகளுக்கு இருவது நிமிசம் ஆவும். இப்பமே சொன்னாத்தான் உண்டு."

அவள் சொன்னது தப்பில்லை. அவள் சொன்ன மாதிரியே அடுத்த நிமிடம் நெட் போனது. இசக்கிராஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர், "நிச்சயமா மேடம்?" என்றார். "வந்துக்கிட்டு இருக்கு சார். வேகமா வருது" என்றாள். விசில் சத்தம் போனிலேயே கேட்டது.

அடுத்து ஒரு படமும் இல்லை. சாஜிதா செல்போனை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தேன். உச்சியில் வழக்கமான மூடாக்கு. அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. சொன்ன நாற்பது நிமிடமும் போனது. தென்காசியில் வெயில் சுள்ளென்று அடித்தது.

போன் அடித்தது. இசக்கிராஜா. ஷெர்லின் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா மழை? மழை எங்க? இங்கன பூராப் பேரும் மேலெல்லாம் எண்ணெயோட நிக்காவ! எண்ணெய் தேச்சவன அருவியில விடாம நிப்பாட்டுனா என்ன செய்வான் தெரியுமா? எங்கிட்ட வந்து சாஞ்சு நிக்கான்! என் யூனிபாரத்தப் பாக்கணும் நீங்க!"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். குற்றாலத்துக்கு வருகிற ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் முதலில் எண்ணெய் மசாஜுக்கு உட்காருவார்கள். தலையிலிருந்து கால்வரை தேய்த்து, அடித்து, சொடக்கு எடுத்து விடுவார்கள். பிறகு நேராக அருவி. தேய்த்த எண்ணெயை அருவிதான் கழுவும். அருவியை அடைத்தால் அந்த ஆள் துணி போடவும் முடியாது, வண்டியில் ஏறவும் முடியாது, எந்தக் கடைக்காரனும் பக்கத்தில் சேர்க்கவும் மாட்டான். அப்படி ஒரு கூட்டம் கயிற்றுக்கு முன்னால் பளபளவென்று நின்றது.

"இன்னும் பத்து நிமிசம் பாப்பேன் மேடம். பொறவு தெறந்து விட்டுருவேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நெட் வந்தது. புதுப் படம் திறந்தது. சாஜிதா கறுப்புப் பேனாவை எடுத்தாள். திட்டு இன்னும் மலைக்கு வரவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே இருந்தது. முன்னைவிடப் பெரிதாக, நடுவில் சிவப்பு இன்னும் அகலமாக. அவள் கோடு போடாமல் தாளைப் பிய்த்து எடுத்தாள். படத்தின் மூலையைப் பார்த்தாள். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஐந்தரையைக் கூட்டினாள். கம்ப்யூட்டரில் தங்கியிருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூலை மூலையாகப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்" என்றாள்.

"என்னம்மா?"

"நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல பத்து நிமிசம் இல்ல அண்ணாச்சி, இருவது. நெட்டு போயிருந்தப்ப ஒரு படம் வந்து போயிருக்கு. அது நம்மகிட்ட வரவே இல்ல. நான் பேனா வரிசையப் பாத்தேன், நேரத்தப் பாக்கல. அது வேகம் பிடிக்கவே இல்ல. மொதல்ல வந்த மாதிரிதான் வந்துக்கிட்டு இருக்கு."

"அப்பம் மழை வராதா?"

"வரும். முழுசா வரும். இன்னும் அர மணி நேரத்துல வரும்."

இதைச் சொன்னபோதுதான் எனக்கே விஷயம் உறைத்தது. இசக்கிராஜா திறந்துவிடப் போகிறார். வெளியே நிற்கிற கூட்டம் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும். சரியாக அந்த நேரத்துக்கு மேலே மழை இறங்கும்.

சாஜிதா போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் மனுஷர். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டோம். "எஸ்.ஐ. அய்யா கூட்டத்துல இருக்காரு, ஓவர்" என்று யாரோ சொன்னார்கள்.

"வண்டிய எடுங்க அண்ணாச்சி. ஷெர்லின், நீ இங்கனயே இரு. படம் வந்தா மூலையில நேரத்த மொதல்ல பாரு. திட்டு எங்க நிக்குன்னு ஜீப் வயர்லெஸ்ஸுல சொல்லு. நெட்டு போனா அதையும் சொல்லு."

"நான் எப்படிக்கா தனியா..."

"கண்ணு இருக்குல்லா? அதான் வேணும்."

தென்காசியிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை அது பொய். நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எதிரில் வந்த ஒரு வேன்காரன், "யோவ், உமக்கு மட்டும் அருவி மூடிருமோ?" என்று கத்தினான். அவனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சாஜிதா கறுப்புப் பேனாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டு வந்தாள்.

"அந்தாளுகிட்ட என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"உள்ளதச் சொல்லணும்."

"தப்பாப் போச்சுன்னா? பொறவு நீ சொல்லுத எதக் கேப்பான்? மழை லேட்டாயிட்டுன்னு மட்டும் சொல்லிப் பாரேன்."

"லேட்டாவல அண்ணாச்சி, நேரத்துக்குத்தான் வருது. லேட்டுன்னு சொன்னா, எவ்வளவு லேட்டுன்னு கேப்பாரு. அதுக்குப் பொய் சொல்லணும். பொய்ய வச்சு நேரம் எப்படிச் சொல்ல?"

அருவிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கயிறு இன்னும் இருந்தது. பத்து நிமிடம் தாண்டியும் அவர் திறக்கவில்லை. பாதி பயம், பாதி நம்பிக்கை போல. கயிற்றுக்கு இந்தப் பக்கம் எண்ணெய்க் கூட்டம். அந்தப் பக்கம் காலியான அருவி, அழகாக விழுந்துகொண்டிருந்தது. ரம்புட்டான் விற்கிற முப்பிடாதியம்மாள் சாஜிதாவைப் பார்த்துவிட்டாள்.

"வந்துட்டா மழைக்காரி! ஏட்டி, என் பழத்த எல்லாம் நீயே தின்னுட்டுப் போ. எண்ணெய்க் கையோட எவனும் பர்ஸ எடுக்க மாட்டங்கான்!"

இசக்கிராஜா எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். அவர் சட்டை முழுக்க எண்ணெய்க் கைகளின் தடம்.

சாஜிதா நேராகச் சொன்னாள். "சார், நான் கணக்குத் தப்பாப் போட்டுட்டேன். ஒரு படம் விட்டுப் போனதக் கவனிக்கல. அதனால வேகம் ரெட்டிப்பாத் தெரிஞ்சிட்டு. மழை வருது, அதுல மாத்தமில்ல. இன்னும் இருவது நிமிசத்துல மேல மலைக்கு வந்துரும்."

"அதாவது, நீங்க சொன்னத நம்பி ஒரு மணி நேரமாச் சும்மா அடச்சு வச்சிருக்கேன்."

"கிட்டத்தட்ட."

"இப்பம் நீங்க சொல்லுதது மட்டும் சரியா இருக்கும்னு நான் எத வச்சு நம்ப?"

"இப்பம் மூலையில நேரத்தப் பாத்து, நாலு படம் வச்சுச் சொல்லுதேன். எல்லாத்துலயும் வேகம் ஒண்ணாத்தான் இருக்கு."

அவர் கயிற்றுப் பக்கம் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தன், "சார், எண்ணெயோடயே கல்யாணத்துக்குப் போவட்டா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நல்லதில்லை. அதற்கு அடுத்தது தள்ளுமுள்ளு.

"இருவது நிமிசம் இருக்குன்னா இவனுவள விட்டு எடுத்துரலாம்" என்றார். "இல்லன்னா இவனுவளே கயித்தத் தாண்டிருவானுவ. அப்பம் நிறுத்த என்னால முடியாது. பதினஞ்சு நிமிசம் விடுதேன்."

"பத்து."

"மீன் வாங்க வந்தியளா மேடம்? பேரம் பேசுதிய."

"மலையில புதுசாப் பொறந்தா எனக்கு முன்கூட்டித் தெரியாது சார். வாரதுக்குத்தான் நேரம் சொல்ல முடியும். பத்து நிமிசம். அதுவும் எண்ணெய்க்காரங்க மட்டும், வரிசையா, ஓரத்துல. நடு அருவிக்குப் போவக்கூடாது. நான் நிறுத்துங்கன்னா அந்த நிமிசமே நிறுத்தணும். ஏன்னு கேக்கக் கூடாது."

அவர் யோசித்தார். "ஏன்னு கேக்கமாட்டேன்" என்றார்.

இருபது இருபது பேராக விட்டார்கள். எண்ணெய்க்காரன்தான் என்பதற்கு அடையாளமாகப் போலீஸ்காரர் ஒருத்தர் ஒவ்வொருத்தன் முதுகிலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினார். காய்ந்த முதுகோடு நுழைந்த ரெண்டு பேரைக் கையைப் பிடித்து வெளியே விட்டார். ஒருத்தன் அந்த அவசரத்திலும் பக்கத்து ஆளின் முதுகில் தேய்த்து எண்ணெய் வாங்கிக்கொண்டு மறுபடி வரிசைக்கு வந்தான்.

நான் ஜீப்பில் வயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். சாஜிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய செல்போனில் ஒன்றும் திறக்கவில்லை. அத்தனை ஜனத்துக்கும் ஒரே செல்போன் டவர்.

மூன்றாவது வரிசை உள்ளே போகும்போது ஷெர்லின் வயர்லெஸ்ஸில் வந்தாள். "அக்கா, படம் வந்துட்டு. நேரம் பாத்துட்டேன், முந்தினதுக்கும் இதுக்கும் பத்து நிமிசந்தான். திட்டு நாலு கிலோமீட்டர்தான் நகந்திருக்கு. இன்னும் மலைக்கு வரல."

"சரி" என்றாள் சாஜிதா.

"ஆனா அக்கா, அதுக்கு முன்னாடி தனியா ஒண்ணு நிக்கி. முந்தின படத்துல இல்ல. சின்னதுதான். நடுவுல மஞ்சளும் கொஞ்சம் செவப்பும்."

"எங்கன நிக்கி?"

"மலை மேலயேக்கா. நம்ம மலையில. தேனருவிக்கு நேரா மேக்க."

சாஜிதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சார்! நிறுத்துங்க!"

இசக்கிராஜா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் இன்னும் பாதி மிச்சம் இருந்திருக்கும். வாயைத் திறந்தார். மூடினார். விசிலை வாயில் வைத்து ஊதினார்.

உள்ளே இருந்தவர்கள் முனகிக்கொண்டு வந்தார்கள். தலையில் சீயக்காய் நுரையோடு ஒருத்தர், "கண்ணுல எரியுதுய்யா, ஒரு நிமிசம்" என்று நின்றார். ரெண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் அணைத்துக் கூட்டி வந்தார்கள். வெளியே மிச்சம் நின்ற எண்ணெய்க் கூட்டம் போட்ட சத்தத்தை எழுத முடியாது. அதில் பாதி சாஜிதாவைப் பற்றி. அவள் ஜீப்பின் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அருவி முன்போலவே விழுந்தது. இசக்கிராஜா ஏன் என்று கேட்கவில்லை. சொன்ன சொல்லுக்காகக் கேட்காமல் இருந்தார். ஆனால் முகம் கேட்டது.

முதலில் சத்தம்தான் மாறியது. சலசலப்பு போய் ஒரு கனம் வந்தது. பிறகு தண்ணீரில் இலையும் சுள்ளியும் விழுந்தன. நிறம் டீ மாதிரி ஆனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அருவி அகன்றது. எண்ணெய்க்காரர்கள் நின்று குளித்த ஓரத்தில் இப்போது மரக்கட்டை ஒன்று வந்து மோதி, திரும்பி, படித்துறைப் பக்கம் போனது. கயிற்றுக்கு முன்னால் நின்ற கூட்டம் யாரும் சொல்லாமலே பின்னால் நகர்ந்தது. சத்தம் போட்டவர்களும் நகர்ந்தார்கள். கீழே இன்னும் வெயில்தான்.

அது அந்தச் சின்னத் திட்டின் தண்ணீர். மேற்கிலிருந்து வந்த பெரியது அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது, அவள் ரெண்டாவது தரம் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அதன்பின் அருவி, முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. அன்றைக்கு முழுக்கத் திறக்கவில்லை. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது பத்திரிகையில் வருகிற செய்தியும் இல்லை, வரவும் இல்லை.

இசக்கிராஜா மேலதிகாரிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "சரியான நேரத்துல அடச்சிட்டோம் சார், சேதமில்ல" என்றார். சாஜிதா பக்கத்தில் நின்று, "மொதல்ல தப்பா அடச்சதையும் சொல்லுங்க சார்" என்றாள். அவர் போனைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, நானே மறச்சுட்டு வாரேன். உங்களுக்கு என்ன?" என்றார்.

"அது ஏன் ஆச்சுன்னு மேல தெரிஞ்சாத்தான் எங்க அறைக்கு ரெண்டாவது நெட் லைன் தருவாவ. நல்லபடியா முடிஞ்சுதுன்னு மட்டும் சொன்னா, இருக்குததே போதும்னு விட்டுருவாவ."

அவர் அதையும் சொன்னார். ரெண்டாவது லைன் இன்னும் வரவில்லை. எழுதிப் போயிருக்கிறது என்கிறார்கள்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் மழை. சாஜிதா ஜன்னலை ஏற்றாமல் கையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். நாசர் சார்ஜாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு மழையைக் காட்டச் சொன்னார். "இதப் பாக்கத்தான் கூப்பிட்டியளா? நான் இன்னிக்கு எப்படிக் கெடந்து அலஞ்சேன்னு ஒரு வார்த்தை கேட்டியளா?" என்று ஏசிவிட்டு, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள்.

இப்போது அவள் கோடு போடுவதற்கு முன்னால் கோட்டின் பக்கத்தில் நேரத்தை எழுதுகிறாள். நிறம் எது என்று பார்ப்பதில்லை, கையில் கிடைக்கிற பேனா. ஒரு படம் விட்டுப் போனால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. ஷெர்லின் தனியாகவே கோடு போடுகிறாள், மலைமேல் புதிதாக ஏதாவது முளைக்கிறதா என்று தனியே பார்க்கிறாள். இசக்கிராஜாவும் மாறிவிட்டார். முன்பெல்லாம் "நிச்சயமா மேடம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு யார்தான் பதில் சொல்ல முடியும்? இப்போது வேறு கேள்வி.

போன வாரம் இப்படித்தான் ஒன்று மேற்கே கிளம்பியது. சாஜிதா போன் போட்டாள். ஒரே மணியில் எடுத்தார்.

"சார், ஒண்ணு வருது. நாப்பத்தஞ்சு நிமிசம் ஆவும்னு தோணுது."

"எத்தன படம் வச்சுச் சொல்லுதிய?"

"ரெண்டுதான் சார். மூணாவது இன்னும் வரல."

"அப்பம் மூணாவது வரட்டும். நான் கயித்த எடுத்துக் கையில வச்சுக்கிடுதேன். மசாஜ்காரங்ககிட்ட புது ஆள உக்கார வைக்காதியன்னு இப்பமே சொல்லிருதேன்."

மூன்றாவது படம் வந்தது. சிவப்பு போய் மஞ்சளாகியிருந்தது. நாலாவதில் வெறும் பச்சை. அதுவும் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சாஜிதா சொன்னாள். அவர் "சரி மேடம்" என்று கயிற்றைச் சுருட்டி வைத்தார். மசாஜ்காரர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.